டென்ஸ் காலக்கோடு: ஒரு பக்கத் தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் ஆங்கில டென்ஸ்களை ஒரு பக்கத்தில் சுருக்கி, நடுவில் ஒரு காலக்கோடு போட்டு எடுத்து வருவார்கள். வருஷம் மாறினாலும் அந்தத் தாளில் தவறு மட்டும் அதே இடத்தில் இருக்கும். ஸ்பெல்லிங் பிழை, வெர்ப் வடிவம் மாறிப்போவது இதையெல்லாம் அவர்களே திரும்பப் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குள் நான் போகவில்லை.

பன்னிரண்டு டென்ஸுக்குப் பன்னிரண்டு கோடு

வேண்டாம். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கோடு போதும்.

பிரசென்ட் பெர்ஃபெக்டை இறந்தகாலத்தில் ஒரு புள்ளியாக வைப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். தாளில் ‘இப்போது’ என்று ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு இடப்பக்கம் வரிசையாக மூன்று புள்ளிகள்: தொலைவில் பாஸ்ட் பெர்ஃபெக்ட், நடுவில் சிம்பிள் பாஸ்ட், ‘இப்போது’க்குப் பக்கத்தில் பிரசென்ட் பெர்ஃபெக்ட். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது சொல்வது என்ன? ரொம்ப நாள் முன்பு நடந்தால் ஹேட், சமீபத்தில் நடந்தால் ஹேவ் என்று. அது தவறு. ‘தி டைனோசர்ஸ் ஹேவ் டிஸப்பியர்ட்’ என்று கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லலாம். ஐந்து நிமிடம் முன்பு நடந்ததற்கு ‘ஐ சா ஹிம் ஃபைவ் மினிட்ஸ் அகோ’ என்றுதான் சொல்ல வேண்டும். தூரத்துக்கும் டென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கோட்டில் விட்டுப்போனது ஒரே ஒரு குறி. செயல் நடந்த இடம் இருக்கிறது, பேசும் நேரம் இருக்கிறது, எங்கே நின்றுகொண்டு அந்தச் செயலைப் பார்க்கிறோம் என்பது மட்டும் இல்லை. ஹான்ஸ் ரைகன்பாக் என்ற தத்துவவாதி 1947-இல் டென்ஸ்களை விளக்கியபோது இந்த மூன்றாவது புள்ளியைத்தான் சேர்த்தார். தாளில் அதைக் கண் என்று குறித்துக்கொள்ளலாம். கீழே x என்பது செயல், o என்பது கண், | என்பது இப்போது.

```
V2          --(xo)-------------|--->
have + V3   ---x-------------(o|)-->
had + V3    ---x-------o-------|--->
```

முதல் கோட்டில் கண் செயலோடு சேர்ந்து இறந்தகாலத்தில் இருக்கிறது. இரண்டாவதில் செயல் அங்கே, கண் இங்கே. மூன்றாவதில் கண் இறந்தகாலத்தில் ஓரிடத்தில் நின்று, அதற்கும் பின்னால் திரும்பிப் பார்க்கிறது. x மூன்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. டென்ஸை மாற்றுவது o மட்டும்.

இப்போது ‘எஸ்டர்டே’ ஏன் ஹேவோடு ஒட்டாது என்று பாருங்கள். அந்தச் சொல் கண்ணைக் கொண்டுபோய் நேற்றில் வைக்கிறது, ஹேவோ கண்ணை இப்போதில் வைக்கச் சொல்கிறது. ஒரே கண்ணை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. நமக்கு இது உறுத்தாததற்குக் காரணம் உண்டு: ‘நேற்று இங்கே மழை பெய்திருக்கிறது’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் எஸ்டர்டே’ என்று கை எழுதிவிடும், மதிப்பெண் போய்விடும்.

‘திஸ் மார்னிங்’ இன்னும் நல்ல சோதனை. காலை பத்து மணிக்கு, அந்தக் காலைப்பொழுது முடியவில்லை, அதனால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ சரி. மாலை நான்கு மணிக்கு ‘ஐ சா ஹிம் திஸ் மார்னிங்’. சொல் ஒன்றுதான், ஆனால் அது காட்டும் நேரம் ‘இப்போது’க்குள் அடங்குகிறதா, முடிந்து தள்ளி நிற்கிறதா என்பது மாறிவிட்டது.

‘ஃபார் வந்தால் ஹேவ் பீன்’ என்று கட்டம் கட்டுவது

மேலே சொன்ன தவறின் குட்டி இது. ஒரு மாணவியின் தாளில் வலது மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் ‘ஃபார், சின்ஸ் = ஹேவ் பீன்’ என்று இருந்தது. பயிற்சித் தாளில் இந்த வரி வந்தது:

‘ஷி டேஷ் (வொர்க்) ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ். நவ் ஷி இஸ் இன் எ பேங்க்.’

கட்டத்தைப் பார்த்தார், ‘ஹேஸ் பீன் வொர்க்கிங்’ என்று நிரப்பினார். இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. அவள் இப்போது வேறு இடத்தில் இருக்கிறாள் என்றால் அந்த மூன்று வருடமும் முடிந்துபோன ஒரு துண்டு. கோட்டில் வரைந்தால் இரண்டு முனையும் மூடியிருக்கும், ‘இப்போது’வைத் தொடாது. விடை ‘வொர்க்ட்’.

இரண்டாவது வாக்கியம் ‘ஷி லைக்ஸ் திஸ் ஆஃபீஸ்’ என்று இருந்திருந்தால் துண்டின் வலது முனை ‘இப்போது’வரை நீளும், அப்போது ‘ஹேஸ் வொர்க்ட்’ அல்லது ‘ஹேஸ் பீன் வொர்க்கிங்’. ‘ஷி இஸ் வொர்க்கிங்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, ‘மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள்’ என்பது காதில் நிகழ்காலமாகவே விழுவதால். ஆங்கிலத்தில் துண்டின் நீளத்தைச் சொன்ன பிறகு வெறும் ‘இஸ்’ போதாது, அது எங்கிருந்து தொடங்கியது என்பதையும் வெர்ப் காட்ட வேண்டும்.

ஆக ஃபார் என்பது துண்டின் நீளத்தை மட்டும் சொல்கிறது. சின்ஸ் துண்டின் இடது முனையைச் சொல்கிறது. வலது முனை எங்கே என்பதை மற்ற வாக்கியங்களில்தான் தேட வேண்டும். கட்டம் கட்டியே தீர வேண்டும் என்றால் இதைக் கட்டம் கட்டுங்கள்.

இரண்டு இறந்தகாலச் செயல் என்றாலே ஹேட் போடுவது

‘ஹி ஓப்பன்ட் தி டோர் அண்ட் வென்ட் இன்’. நடந்த வரிசையிலேயே சொல்கிறோம், கண் செயலோடு நகர்ந்துகொண்டே போகிறது, ஹேட் தேவையில்லை. வரிசையை மாற்றிப் பின்னால் திரும்பும்போதுதான் அது வேலை செய்கிறது.

‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் டேஷ்’ என்று கேள்வி வந்தால், கண் ‘ரீச்ட்’ என்ற இடத்தில் நிற்கிறது. அதற்கு முன்பே ரயில் போயிருந்தால் x கண்ணுக்கு இடப்பக்கம்: ‘ஹேட் லெஃப்ட்’. நான் போனதும் கிளம்பியது என்றால் ‘லெஃப்ட்’. நான் போன நேரம் நகரத் தொடங்கியிருந்தது என்றால் ‘வாஸ் லீவிங்’. மூன்றும் இலக்கணப்படி சரியே. அடுத்து ‘ஸோ ஐ டுக் எ டாக்ஸி’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ‘ஹேட் லெஃப்ட்’தான் எதிர்பார்ப்பார்கள்.

‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ இருக்கும் வாக்கியத்தில் வரிசை அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுவதால் சிம்பிள் பாஸ்ட் போட்டாலும் பேச்சில் குறையில்லை. ஆனால் பல தேர்வுகளில் முந்தைய செயலுக்கு ஹேட் கேட்பார்கள், அங்கே வாதம் வேண்டாம்.

கன்டினியூவஸுக்குத் தனிக் கோடு

தேவையில்லை. x இருக்கும் இடத்தில் ஒரு அலைக்கோடு.

‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’

பிரிட்டிஷ் வழக்கில் ஹேவ். அமெரிக்க வழக்கில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்பதும் சரி. உங்கள் தேர்வு எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று பழைய வினாத்தாளில் பார்த்து, தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

எதிர்காலம் என்றால் வில் என்று எழுதி முடிப்பது

காலக்கோடு காட்டுவது நேரத்தை, வெர்ப் வடிவத்தை அல்ல. ‘தி ட்ரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’ வாக்கியத்தில் x வலப்பக்கம், வடிவம் பிரசென்ட். ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’ வாக்கியத்திலும் ‘வென்’ பகுதிக்குள் வில் வராது. ‘பை நெக்ஸ்ட் ஜூன் ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்’ என்பதற்குக் கண்ணை அடுத்த ஜூனில் வைத்து, x-ஐ அதற்கு இடப்பக்கம் போடுங்கள். அந்த x இப்போதைக்கு முன்பா பின்பா என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை, அதனால் பென்சிலால் போட்டால் போதும்.