கடித்த இலையின் படத்தை வைத்துப் புழுவுக்குப் பெயர் வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். திரை முழுக்க ஒரே ஓர் இலை, அதிலும் பாதியைக் காணோம். ஓரத்திலிருந்து உள்நோக்கி வளைவாகத் தின்று, நடு நரம்பை மட்டும் குச்சி போல விட்டு வைத்திருந்தது. "இது எந்த வண்ணத்துப்பூச்சியோட புழு?" என்று கேட்டிருந்தார். புழு படத்தில் இல்லை.

பெரும்பாலோர் இந்த இடத்தில் ஓட்டையின் வடிவத்தைத்தான் ஆராயத் தொடங்குவார்கள். முதல் தவறு அதுதான். ஓட்டையைப் பார்த்தால் தின்றதன் வாய் எவ்வளவு பெரியது, எங்கிருந்து எங்கே தின்றது என்பது ஓரளவு தெரியும், அவ்வளவே. பெயரை நெருங்கச் செடிதான் வேண்டும். பெண் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் முன் இலையை முன்கால்களால் தட்டிச் சுவைத்துப் பார்க்கும். தன் புழு தின்னக்கூடிய செடி என்று தெரிந்தால்தான் முட்டை வைக்கும். அதனால் பல இனங்களுக்கு உணவுச் செடிப் பட்டியல் மிகச் சிறியது. செடி இன்னதென்று தெரிந்துவிட்டால் சந்தேகப் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஆனால் நண்பரின் படத்திலிருந்து செடியைச் சொல்ல முடியவில்லை. ஓட்டையை நெருங்கி எடுக்கும் ஆர்வத்தில் இலைக் காம்பையே படத்தில் வராமல் விட்டிருந்தார். காம்பு எப்படி இருக்கிறது, இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன, முள் உண்டா என்பவைதான் செடியைக் காட்டிக்கொடுக்கும். கூட்டிலை விஷயத்தில் இன்னும் மோசம். கறிவேப்பிலையின் ஒரு சிற்றிலையை மட்டும் எடுத்தால் அது தனி இலை போலத் தெரியும். மூன்று சிற்றிலை கொண்ட வில்வத்தில் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டால், இரண்டிலைச் செடி ஒன்றைத் தேடி அலைய வேண்டியதுதான்.

வேறு படங்கள் கேட்டேன். கிளை முழுவதும் தெரியும்படி ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று, இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. கிளைப் படத்தில் இலைக்கக்கத்தில் முள் இருந்தது. காம்பின் இருபுறமும் மெல்லிய பச்சைச் சிறகு ஓடி, இலைப்பரப்பு தொடங்கும் இடத்தில் ஒரு மூட்டு போட்டிருந்தது. வெளிச்சப் படத்தில் இலை முழுக்க ஊசி குத்திய மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னேன், "எலுமிச்சை வாசனை" என்றார். சரி, எலுமிச்சை வகை என்பது உறுதி.

எலுமிச்சை என்றதும், "அப்போ லைம் பட்டர்ஃபிளைதானே?" என்று முடிவுக்கே வந்துவிட்டார். இங்கேதான் அடுத்த தவறு. உணவுச் செடியில் கடி இருப்பதாலேயே கடித்தது வண்ணத்துப்பூச்சிப் புழுவாகிவிடாது. வெட்டுக்கிளியும் இப்படி ஓரத்திலிருந்துதான் தின்னும். இரண்டின் கடியையும் விளிம்பை மட்டும் வைத்துப் பிரிக்க என்னால் முடிந்ததில்லை. நத்தை தின்ற இடத்தில் காய்ந்த பசைக் கோடு மினுங்கும். கத்தரிக்கோலால் வெட்டியது போலச் சுத்தமான அரைவட்டம் என்றால் அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை, கூடு கட்ட எடுத்துப் போகிறது. எலுமிச்சை இளந்தளிரில் வெள்ளிக் கோடு நெளிந்து ஓடி இலை சுருண்டிருந்தால், இலைத்தோலுக்குள் வாழும் ஒரு சின்ன அந்துப்பூச்சியின் வேலை. இவை எதிலும் சேராத இன்னொரு கணக்கும் உண்டு. தளிராக இருந்தபோது விழுந்த ஊசிமுனை ஓட்டை, இலை வளர வளரத் தானும் பெரிதாகும். இன்று பெரிய ஓட்டையாகத் தெரிவதால் அதைப் பெரிய வாய்தான் போட்டது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எதை நம்புவது? என் அனுபவத்தில் எச்சத்தை. ஓட்டையைப் படமெடுக்கும் நூறு பேரில் கீழே குனிந்து எச்சத்தைப் படமெடுப்பவர் ஒருவர் இருந்தால் பெரிது. புழுவின் எச்சம் குட்டைப் பீப்பாய் வடிவம். பெரிய புழுவுடையதில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும். வெட்டுக்கிளியின் எச்சம் அரிசி போல நீண்டிருக்கும். கடித்த இலைக்கு நேர்கீழே உள்ள இலைகளில் பார்க்கச் சொன்னேன். பச்சையும் கறுப்புமாய் உருண்டைகள் கிடந்தன, சில இன்னும் ஈரமாக. புழு போய்விடவில்லை, மேலேதான் எங்கோ இருக்கிறது.

கடியின் விளிம்பும் காலம் சொல்லும். புதுக் கடி பச்சையாக இருக்கும், பழையது பழுப்பேறிக் காய்ந்திருக்கும். பழைய கடிக்குப் பக்கத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் குற்றவாளி ஆக்குவது அடிக்கடி நடக்கிறது. நண்பரின் இலையில் விளிம்பு பச்சை.

பத்து நிமிடம் தேடிவிட்டு, "புழு எதுவும் இல்லை, ஒரு பறவை எச்சம்தான் காய்ந்து கிடக்கு" என்று எழுதினார். அதைப் படமெடுங்கள் என்றேன். பழுப்பில் வெள்ளைத் திட்டு, கொஞ்சம் ஈரப் பளபளப்பு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், தலை கொஞ்சம் தடித்திருந்தது. அதுவேதான் புழு. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில் வளரும் லைம் பட்டர்ஃபிளையும் காமன் மார்மனும் இளம் பருவங்களில் இந்த வேடத்தில்தான் இருக்கும். ஐந்தாவது பருவத்துக்குத் தோலுரித்ததும் பச்சைக்கு மாறி, முதுகின் முன்பக்கம் பொய்க் கண் வைத்துக்கொண்டு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். இந்த மாற்றம் தெரியாதவர் பழுப்புப் புழுவை ஓர் இனமாகவும் பச்சைப் புழுவை இன்னோர் இனமாகவும் குறித்து வைப்பார். நானே ஒரு காலத்தில் அப்படி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

இரண்டில் எது என்று நண்பர் விடவில்லை. இரண்டும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, பறவை எச்ச வேடத்தில் இருக்கும்போது மிகவும் ஒத்திருக்கும். கைபேசிப் படம் ஒன்றை வைத்து அடித்துச் சொல்வது வெறும் ஊகம். "எலுமிச்சை வகைச் செடி, பாப்பிலியோ பேரினம், இளம் பருவம்" என்று குறிப்பில் எழுதச் சொன்னேன். அதற்கு மேல் அந்தப் படத்தில் சான்று கிடையாது. புழு பச்சையான பிறகு பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால், உடலில் குறுக்காக ஓடும் பட்டைகளை வைத்து மறுபடி பார்க்கலாம்.

எட்டு நாள் கழித்து வேறொரு படம் வந்தது. பச்சைப் புழு பக்கத்திலிருந்த செம்பருத்தித் தண்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. "இது செம்பருத்தியும் தின்னுமா?" என்று கேட்டிருந்தார். தின்னாது. முழுதாக வளர்ந்த புழு கூட்டுப்புழுவாக இடம் தேடி உணவுச் செடியை விட்டு இறங்கி நடக்கும். அந்த நேரத்தில் கண்ணில் பட்டால் நின்ற செடியையே உணவுச் செடி என்று எழுதிவிடுகிறோம். அந்தக் குறிப்பை நம்பி இன்னொருவர் எலுமிச்சைப் புழுவைப் பெட்டியில் வைத்துச் செம்பருத்தி இலை போட்டால் அது பட்டினி கிடந்து சாகும். அந்த இலையில் புதுக் கடி இருக்கிறதா, கீழே எச்சம் இருக்கிறதா, இரண்டும் இல்லையென்றால் அது வழிப்போக்கன். நண்பரின் செம்பருத்தியில் இரண்டுமே இல்லை. தண்டில் மட்டும் ஈரமாக ஒரு பெரிய துளி ஒட்டியிருந்தது. கூட்டுப்புழுவாகும் முன் குடலைக் காலி செய்யும்போது இந்தப் புழுக்கள் விடும் கடைசிக் கழிவு அது. மறுநாள் காலை அதே தண்டில், இடுப்பில் பட்டு நூல் கட்டிப் புழு தொங்கிக்கொண்டிருந்த படத்தை அனுப்பினார்.