பெருந்தொகையாக இட்டலி அவிக்கும்போது ஆவியில் நேரும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் கோயிலொன்றின் திருவிழாக் காலத்தில், காலை ஏழு மணி அன்னதானத்துக்கு அறுநூறு இட்டலி அவித்துக் கொடுக்கும் பொறுப்பை எங்கள் சமையற்குழு ஏற்றிருந்தது. அதற்கெனப் புதிதாக வாங்கிய அவிக்கும் பெட்டியில் ஆறு தட்டுகள், தட்டுக்குப் பதினெட்டுக் குழிகள், ஆக 108 இட்டலி ஒரே தடவையில் அவியும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இரண்டு தட்டுகளை மட்டும் வைத்து அவித்துக் காட்டியபோது இட்டலி பஞ்சுபோல வந்தது. ஆனால், அன்று அதிகாலையில் ஆறு தட்டுகளையும் நிரப்பிப் பன்னிரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்தபோது பாதி இட்டலி உள்ளே பச்சையாக இருந்தது. மறுபடியும் உள்ளே வைத்துப் பத்து நிமிடம் அவித்து எடுத்தவை தட்டையாகவும் இறுகியும் போயின. முதலில் எல்லோரும் மாவைத்தான் குறை சொன்னோம். அதே மாவை வீட்டுச் சட்டியில் வார்த்துப் பார்த்தபோது இட்டலி நன்றாக உப்பியது. குறை ஆவியில் இருந்தது.

குழிகளின் எண்ணிக்கையைப் பெட்டியின் கொள்ளளவாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. ஆவி குளிர்ந்த மாவிலும் தட்டிலும் பட்டு நீராக மாறும்போது விடுகின்ற வெப்பத்தால்தான் இட்டலி வேகிறது. இட்டலி ஒன்றுக்கு 60 கிராம் மா என்று வைத்தால் 108 இட்டலிக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோ மா வேண்டும். அதனை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு அண்மையில் கொண்டுபோக ஏறக்குறைய 700 கிராம் ஆவியும், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஆறு எவர்சில்வர் தட்டுகளைச் சூடாக்க இன்னும் 150 கிராம் ஆவியும் செலவாகும். இந்த 850 கிராமும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பதே இதில் முக்கியமானது. மாவில் உள்ள நுரை சூட்டில் விரிகின்ற அதே வேளையில் அரிசியும் உழுந்தும் வெந்து இறுகினால்தான் காற்றுக்குமிழ்கள் உள்ளேயே தங்கும். சூடு மெதுவாக ஏறினால், மா இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வெளியேறிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்த இட்டலி எழும்பாது.

எங்கள் பெட்டியின் கொதிகலத்தில் 3 கிலோவாட் ஹீற்றர் பொருத்தப்பட்டிருந்தது. வெப்பம் சிறிதும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் அது நிமிடத்துக்கு 80 கிராம் ஆவியைத்தான் தரும். எனவே 850 கிராம் சேர்வதற்கே பத்தரை நிமிடம் ஆகிவிடும். பெட்டியின் சுவர்கள் இழக்கும் சூட்டையும் சேர்த்தால் பன்னிரண்டாவது நிமிடத்தில்கூட அவிதல் சரியாகத் தொடங்கியிருக்காது. இரண்டு தட்டுகள் நன்றாக அவிந்ததும் ஆறு தட்டுகள் அவியாததும் இதனால்தான்.

ஆகவே விற்பவரின் சொல்லை நம்பாமல், வாங்குமுன் கொதிகலத்தை அளந்து பார்க்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, பெட்டியைத் தட்டில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்தபின் பழைய மட்டம் வருமளவுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை அளந்தால், அதுவே பத்து நிமிடத்தில் உண்டான ஆவியின் அளவாகும். 108 இட்டலிக்கு அது குறைந்தது இரண்டு லீற்றர் இருக்க வேண்டும்; இரண்டரை லீற்றர் இருந்தால் கவலையில்லை. அன்று காலை எங்களிடம் வேறு வழி இருக்கவில்லை. மூன்று தட்டுகளாகக் குறைத்து, 54 இட்டலி வீதம் அவித்தபோது இட்டலி சரியாக வந்தது. ஆனால் பன்னிரண்டு தடவை அவிக்க நேர்ந்ததால் பந்தி பிந்திவிட்டது. அடுத்த ஆண்டு விறகடுப்பில் ஏற்றிய பெரிய கொதிகலத்திலிருந்து ஆவியை எடுத்தோம். நன்றாகக் காய்ந்த விறகு இருந்தால் அது போதிய வேகத்தில் ஆவியைத் தருகிறது. ஆனால் தட்டை வைத்தபின் தீயைக் கூட்டக்கூடாது, தீ நின்று எரியத் தொடங்கிய பின்னரே தட்டை வைக்க வேண்டும்.

ஆவி போதுமாக இருந்தும் தட்டு அடுக்குவதில் தவறு நேரலாம். குழியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால், உப்பிய இட்டலி மேல் தட்டின் அடியைத் தொட்டு ஆவியின் வழியை அடைத்துவிடும். தட்டுகளுக்கிடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். ஒரு தட்டின் குழிக்கு நேர் கீழே அடுத்த தட்டின் துளை வருமாறு மாற்றி வைப்பது நல்லது. கூரையிலிருந்து சொட்டும் நீர் மேல்தட்டு இட்டலியைக் குழைத்துவிடும் என்பதால் அதற்கு மேலே வெறுந்தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். வேறு கொதிகலத்திலிருந்து குழாய் வழியாக ஆவி வரும் பெட்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று ஆவியை விடப் பாரமானது. அது அடியில் தங்கி, கீழ்த்தட்டுகளுக்கு ஆவி போகாமல் தடுக்கும். கீழ்த்தட்டு மட்டும் வேகாமல் வந்தால் அடியில் உள்ள வடிகுழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆவியை மிச்சப்படுத்துவதாக எண்ணி அந்தக் குழாயையோ மேல் துவாரத்தையோ துணியால் அடைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்தப் பெட்டிகள் அமுக்கத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கதவு தெறித்தால் முன்னால் நிற்பவரின் முகம் வெந்துவிடும்.

நேரத்தைக் கதவு சாத்திய கணத்திலிருந்து எண்ணுவதும் தவறு. துவாரத்தால் ஆவி முழுவேகத்தில் பீறிட்டு வரத் தொடங்கிய பின்னரே மணியைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து பத்து நிமிடம் போதும். நல்ல கொதிகலத்தில் கதவு சாத்தி ஐந்து நிமிடத்துக்குள் ஆவி அவ்வாறு வரும். எட்டு நிமிடத்துக்குப் பின்பும் வராவிட்டால், அடுத்த தடவை தட்டைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நடுத்தட்டின் நடுக்குழியில் ஈர்க்கு குத்தினால் மா ஒட்டாமல் வர வேண்டும். ஐயத்தின் பேரில் இருபது நிமிடம் விட்டால் இட்டலி இறப்பர் போலாகிவிடும். வெந்தபின் இரண்டு நிமிடம் ஆறவிட்டால்தான் குழியிலிருந்து உடையாமல் வரும். தட்டுகளை இறக்கி, கழுவி, எண்ணெய் பூசி, மறுபடி வார்ப்பதற்குப் பத்து நிமிடம் செல்வதால் இரண்டாவது தொகுதித் தட்டுகள் கட்டாயம் தேவை. அவை இருந்தால் ஒரு தடவைக்கு இருபது நிமிடம் வீதம் ஆறு தடவையில், இரண்டு மணித்தியாலத்துக்குள் அறுநூறும் முடிந்துவிடும்.

தடவைக்கு நடுவே கொதிகலத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதைப் பலரும் தவறென்றே நினைப்பதில்லை. ஐந்து லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்க 3 கிலோவாட் ஹீற்றருக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். அந்த எட்டு நிமிடமும் பெட்டிக்குள் ஆவி வராது. பக்கத்து அடுப்பில் கொதித்த நீரை வைத்திருந்து, தட்டு மாற்றும் இடைவெளியில் மட்டும் ஊற்ற வேண்டும். வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினமானது என்பது கேத்தலின் அடியில் படியும் வெண்படிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே படிவு ஹீற்றரில் தடித்தால், சூடு தண்ணீருக்கு இறங்காமல் ஆவி குறைந்துகொண்டே போய், இறுதியில் ஹீற்றர் எரிந்துவிடும். மழைநீரையோ சுத்திகரித்த குடிநீரையோ பயன்படுத்துவது சிறந்தது. அதற்கு வழியில்லாதவர்கள் வேலை முடிந்ததும் கொதிகலத்து நீர் ஆறியபின் முழுவதையும் திறந்துவிட்டு, கிழமைக்கு ஒருதடவை வினாகிரி கலந்த நீரைக் கொதிக்கவைத்துப் படிவைக் கரைத்து, இரண்டுமுறை கழுவிய பின்னரே மறுபடி ஆவி எடுக்க வேண்டும். மேலே சொன்ன பத்து நிமிட அளவை மாதம் ஒருமுறை எடுத்துச் சுவரில் எழுதி வைத்தால், படிவு எப்போது கூடுகிறது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.