விற்றுப்போன புத்தகத்தின் பதிவை அழிக்காதீர்கள்

பழைய பாடப்புத்தகம் விற்க டெலிகிராம் சேனல் தொடங்குபவர்கள் முதலில் செய்வது, அலமாரியைப் போட்டோ எடுத்து "இதுதான் ஸ்டாக்" என்று பின் செய்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். போட்டோவில் இருக்கும் எழுத்தை டெலிகிராம் தேடல் படிக்காது. அதனால் பட்டியலுக்குக் கீழேயே இருபது பேர் "அண்ணா, மேத்ஸ் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல் எழுத்தாக இருக்க வேண்டும், அதில் மாணவர் எதைத் தட்டித் தேடுவாரோ அது இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் புத்தகமென்றால் பாடக் குறியீடுதான் அது. முதல் செமஸ்டர் கணிதத்துக்கு 2017 ரெகுலேஷனில் MA8151, 2021 ரெகுலேஷனில் MA3151. வெறுமனே "முதல் செம் மேத்ஸ், 150 ரூபாய்" என்று போட்டால் பழைய ரெகுலேஷன் கைடை வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொடுக்க வருவார், அவர்மேல் தப்பும் இல்லை.

அடுத்த தவறுதான் பெரியது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பதிவு போட்டு, அதன் இணைப்பைப் பட்டியலில் சேர்ப்பது நல்ல முறை. ஆனால் விற்றதும் பலர் அந்தப் பதிவை அழித்துவிடுவார்கள். வாங்குவதாகச் சொன்னவர் பின்வாங்கினால் புதிதாகப் போடுவார்கள். `t.me/channelname/212` என்பது அழிந்தால் அந்த எண் திரும்ப வராது, புதிய பதிவு 240 ஆகிவிடும், பட்டியல் இணைப்பு செத்துக் கிடக்கும். அழிக்காமல் அதே பதிவைத் திருத்தி, முதல் வரியில் "விற்றுவிட்டது" என்று சேருங்கள். சேனல் பதிவை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், திருத்தினால் யாருக்கும் அறிவிப்பு போகாது. புது ஸ்டாக் வந்தால் பட்டியலில் சேர்ப்பதோடு நிறுத்தாமல் தனிப் பதிவும் போட வேண்டும்.

அப்புறம் சண்டை வரும் இடம்: யார் முதலில் கேட்டது? ஒருவர் கமெண்டில், இன்னொருவர் தனிச்செய்தியில், மூன்றாமவர் வாட்ஸ்அப்பில். விதியை ஒரே வரியில் வையுங்கள்: அந்தப் பதிவின் கமெண்டில் முதலில் "எனக்கு" என்று எழுதியவருக்கே, இரண்டு மணி நேரத்தில் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு, திருத்திய கமெண்ட் செல்லாது. கமெண்ட் வர, சேனலோடு ஒரு குரூப்பை இணைத்திருக்க வேண்டும்.

கமெண்ட் திறந்தால் மோசடிக்காரனும் வருவான். உங்கள் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு, "எனக்கு" என்று எழுதியவருக்குத் தனிச்செய்தி அனுப்பிப் பணம் கேட்பான். பெயரும் படமும் யாரும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் யூசர்நேம் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அவன் ஓர் எழுத்தை மாற்றித்தான் வைத்திருப்பான். அதனால் பின் செய்த பதிவின் முதல் வரியிலேயே உங்கள் யூசர்நேமைப் போட்டு, "நான் யாருக்கும் முதலில் செய்தி அனுப்ப மாட்டேன், பணம் அனுப்பும் விவரம் கமெண்டில் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். விலை, தபால் செலவெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.