கூட்டுவட்டியைக் கையாலும் விரிதாளிலும் கணக்கிடுதல்

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பலருக்குக் கூட்டுவட்டியின் சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் தனிவட்டியைவிட அதில் கூடுதலாக வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தயங்குவார்கள். அதனால் இந்தப் பாடத்தில் சூத்திரத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அஞ்சலகத்தில் கிடைக்கும் தேசிய சேமிப்புப் பத்திரத்திலிருந்து தொடங்குவோம். இதன் காலம் 5 ஆண்டுகள். 2023 ஏப்ரலில் இதற்கு 7.7 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் வரும் வட்டியைக் கையில் தராமல் கணக்கிலேயே சேர்த்து, முதிர்வின்போது மொத்தமாகத் தருவார்கள். இதில் ஒருவர் ₹10,000 போடுகிறார் என்று கொள்வோம்.

படி 1: முதல் இரண்டு ஆண்டுகளைக் கையால் போடுங்கள்

முதல் ஆண்டு வட்டி 10,000 × 0.077 = ₹770. இதுவரை தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வேறுபாடு இல்லை. இரண்டாம் ஆண்டில் வட்டி கணக்கிட வேண்டிய தொகை 10,000 அன்று, 10,770. அதற்கு வட்டி ₹829.29. இதில் 770 ரூபாய் பழைய அசலுக்கு உரியது, மீதி ₹59.29, முதல் ஆண்டு வட்டியான 770 ரூபாய்க்குக் கிடைத்த 7.7 சதவீத வட்டி. வட்டிக்கு வட்டி என்று ஊரில் சொல்வது இந்த 59 ரூபாயைத்தான். இதை மாணவர் தம் கையால் ஒருமுறை பிரித்து எழுதாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

படி 2: அட்டவணையை நிரப்புங்கள்

தொகைகள் முழு ரூபாய்க்குத் திருத்தப்பட்டுள்ளன.

| ஆண்டு | தனிவட்டியில் இருப்பு | கூட்டுவட்டி (அந்த ஆண்டு) | கூட்டுவட்டியில் இருப்பு |
|---|---|---|---|
| 1 | 10,770 | 770 | 10,770 |
| 2 | 11,540 | 829 | 11,599 |
| 3 | 12,310 | 893 | 12,492 |
| 4 | 13,080 | 962 | 13,454 |
| 5 | 13,850 | 1,036 | 14,490 |

மூன்றாவது நிரலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வட்டி ஏறிக்கொண்டே போக வேண்டும். உங்கள் தாளில் எல்லா ஆண்டுக்கும் 770 என்றே வந்திருந்தால், வட்டியை இருப்பில் சேர்க்காமல் அசலுக்கே திரும்பத் திரும்பக் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஐந்தாம் ஆண்டின் முடிவில் இரு இருப்புகளுக்கும் உள்ள வேறுபாடு ₹640.

படி 3: விரிதாளில் அமையுங்கள்

B1 செல்லில் 10000, B2 செல்லில் 7.7% என்று உள்ளிடுங்கள். சதவீதக் குறியை விட்டுவிட்டால் முதல் ஆண்டிலேயே கூட்டுவட்டி இருப்பு 87,000 என்று காட்டும். நான்காம் வரிசையில் ஆண்டு, தனிவட்டி, கூட்டுவட்டி என்று தலைப்புகளை எழுதி, A5 செல்லில் 0 என்றும், B5, C5 ஆகிய இரண்டிலும் `=$B$1` என்றும் இடுங்கள். பிறகு ஆறாம் வரிசையில்:

```
A6:  =A5+1
B6:  =B5+$B$1*$B$2
C6:  =C5*(1+$B$2)
```

இந்த மூன்று செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ்மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்துப் பத்தாம் வரிசை வரை இழுங்கள். C10 செல்லில் 14490.34 வர வேண்டும்.

தொடக்கநிலையில் அதிகம் நேரும் தவறு டாலர் குறியை மறப்பது. C6 செல்லில் `=C5*(1+B2)` என்று எழுதி இழுத்தால், அடுத்த வரிசையில் B2 என்பது B3 ஆக நகர்ந்துவிடும். B3 காலியாக இருப்பதால் அது சுழியாகக் கொள்ளப்பட்டு, இரண்டாம் ஆண்டிலும் 10,770 அப்படியே நிற்கும்; மூன்றாம் ஆண்டில் B4 செல்லிலுள்ள தலைப்பு எழுத்தோடு மோதி `#VALUE!` என்று வரும். இந்த இரண்டு அறிகுறிகளையும் அடுத்தடுத்துக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

படி 4: காலத்தை நீட்டிப் பாருங்கள்

அதே வட்டி விகிதம் 20 ஆண்டுகள் நீடிப்பதாகக் கற்பனை செய்து, 25ஆம் வரிசை வரை இழுங்கள். தனிவட்டியில் 25,400 ரூபாயும் கூட்டுவட்டியில் ஏறத்தாழ 44,087 ரூபாயும் வரும். காலம் நான்கு மடங்குதான் ஆனது. 640 ஆக இருந்த வேறுபாடோ 18,687 ஆகிவிட்டது. இரண்டு நிரல்களையும் வரைபடமாக்கினால், தனிவட்டி நேர்கோடாகவும் கூட்டுவட்டி மேல்நோக்கி வளையும் கோடாகவும் தெரியும்.

படி 5: சூத்திரத்தால் சரிபாருங்கள்

ஒவ்வோர் ஆண்டும் 1.077 ஆல் பெருக்கினோம் என்பதால், ஐந்து ஆண்டுகளுக்கு ஐந்து முறை பெருக்கியாயிற்று. ஏதேனும் ஒரு காலி செல்லில் இதை இடுங்கள்:

```
=B1*(1+B2)^5
```

அதே 14490.34 கிடைக்கும். வங்கி வைப்புகளில் வழக்கமாக உள்ளதுபோல் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் விகிதத்தை 4 ஆல் வகுத்து, அடுக்கை 20 ஆக்க வேண்டும்: `=B1*(1+B2/4)^20`. விடை ஏறத்தாழ ₹14,642. அதாவது விகிதம் மாறாமலேயே 152 ரூபாய் கூடுதல். விகிதத்தை வகுத்துவிட்டு அடுக்கை 5 என்றே விட்டவர்களுக்குச் சுமார் 11,000 தான் வரும். அது தனிவட்டியின் 13,850 ரூபாயைவிடக் குறைவு என்பதை அட்டவணையில் பார்த்தவுடன், பிழை அடுக்கில் இருப்பது தெரிந்துவிடும்.