சர்க்யூட் படத்தில் கோடே இல்லாத இணைப்புகள்: பெயரையும் கிரவுண்டையும் படிப்பது எப்படி

ரெசிஸ்டர், டயோடு, டிரான்சிஸ்டர் சின்னங்களை ஓரிரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். அதற்குப் படம் போட்ட அட்டவணை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகம் பெரும்பாலும் வேறு: "அண்ணா, கோடு பாதியிலேயே நின்றுபோச்சு. மீதி எங்கே?" அதை மட்டும் ஒரு சர்க்யூட்டை வைத்து இங்கே பார்ப்போம்.

இருட்டானால் எரியும் எல்.இ.டி. சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் அது மூன்று தனித் துண்டுகளாக வரையப்பட்டிருக்கும்.

இடது பக்கம் 9 வோல்ட் பேட்டரி. மேல்முனையில் VCC என்ற பெயர், கீழ்முனையில் கிரவுண்ட் சின்னம். நடுவில் R1 என்ற 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் கீழே வெளிச்சம் படப்படத் தடை குறையும் எல்.டி.ஆர். ஒன்று. இதிலும் உச்சியில் VCC, அடியில் கிரவுண்ட். R1-உம் எல்.டி.ஆரும் சேரும் இடத்திலிருந்து ஒரு சின்னக் கோடு கிளம்பி, SENSE என்று எழுதியதோடு நின்றுவிடும். வலது பக்கம் மேலிருந்து கீழாக VCC, R2 என்ற 470 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி., BC547 டிரான்சிஸ்டர், கடைசியில் கிரவுண்ட். டிரான்சிஸ்டரின் பேஸ் காலிலும் SENSE என்று எழுதியிருக்கும்.

மூன்று துண்டுக்கும் நடுவே ஒரு கோடுகூடக் கிடையாது. ஆனாலும் இது முழுமையான படம். ஒரே பெயர் எழுதிய இடங்கள் எல்லாம் ஒரே கம்பி. படிக்கும் முறை அவ்வளவுதான். கிரவுண்ட் சின்னமும் அப்படி ஒரு பெயர்தான், எழுத்துக்குப் பதிலாகப் படமாக வரைந்திருக்கிறார்கள். ஐம்பது இடத்தில் இருந்தாலும் ஐம்பதும் ஒன்றோடொன்று இணைந்தவை.

முதலில் கலர் பென்சில்

இதற்கு நான் சொல்வது காகிதமும் கலர் பென்சிலும்தான். KiCad சர்க்யூட் வரைய நல்ல மென்பொருள், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். கையால் கலர் அடித்தால்தான் கண் பழகும்.

VCC என்று எழுதிய இடம் எல்லாவற்றுக்கும் சிவப்பு அடியுங்கள். அங்கிருந்து கோடு வழியே போய், ஒரு பாகத்தின் காலைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். பாகத்தைத் தாண்டினால் அது வேறு நோடு, அதாவது வேறு கம்பி, வேறு கலர். கிரவுண்டுக்குக் கறுப்பு, SENSE-க்குப் பச்சை. மிச்சம் இருக்கும் கோடுகளுக்குப் பெயர் இருக்காது. நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். R2-க்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் உள்ளதை LED_A என்றும், எல்.இ.டி.க்கும் கலெக்டருக்கும் நடுவில் உள்ளதை COL என்றும் நான் வைக்கிறேன்.

இரண்டு கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் புள்ளி இருந்தால் இணைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அப்புறம் இப்படி எழுதிவிடுங்கள். B1 பேட்டரி, D1 எல்.இ.டி., Q1 டிரான்சிஸ்டர்; பாகத்தின் பெயருக்குப் பின்னால் வருவது அதன் கால், எல்.இ.டி.யில் A ஆனோடு, K கேத்தோடு:

```
VCC   : B1+  R1-1   R2-1
SENSE : R1-2 LDR-1  Q1-B
LED_A : R2-2 D1-A
COL   : D1-K Q1-C
GND   : B1-  LDR-2  Q1-E
```

இப்போது கால்களை எண்ணுங்கள். பேட்டரி, R1, எல்.டி.ஆர்., R2, எல்.இ.டி. ஐந்துக்கும் இரண்டிரண்டு கால், டிரான்சிஸ்டருக்கு மூன்று. மொத்தம் 13. பட்டியலிலும் 13 வருகிறதா? வந்தால், எதையும் இரண்டு தடவை எழுதாதவரை, எந்தக் காலும் விட்டுப்போகவில்லை. குறைந்தால் படத்தில் ஒரு பெயரைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். இந்தக் கணக்கு சரியாகும்வரை பிரெட்போர்டைத் தொடவேண்டாம்.

கிரவுண்ட்: மீட்டரின் கறுப்பு முனை வைக்கும் இடம்

கீழே போகப்போகக் குறுகும் மூன்று கோடுகள், தலைகீழ் முக்கோணம், சாய்ந்த பற்களுள்ள சீப்பு போன்ற வடிவம் என்று மூன்று விதம் பார்ப்பீர்கள். முறைப்படி முதலாவது பூமி இணைப்பு, இரண்டாவது சர்க்யூட்டின் 0 வோல்ட், மூன்றாவது உலோகப் பெட்டி. ஆனால் பாடப்புத்தகங்களில் 0 வோல்ட்டுக்கே முதல் சின்னத்தைப் போட்டுவிடுகிறார்கள். நம்முடைய பேட்டரி சர்க்யூட்டுக்கும் வீட்டு எர்த் குழிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கே கிரவுண்ட் என்பது பேட்டரியின் மைனஸ். மற்ற நோடுகளின் வோல்டேஜ் எல்லாம் அதிலிருந்து அளந்தது. "SENSE-இல் 0.4 வோல்ட்" என்றால், மீட்டரின் கறுப்பு முனை GND-இல், சிவப்பு முனை SENSE-இல் என்று அர்த்தம்.

பிரெட்போர்டில் போட்டு அளந்து பார்ப்போம். BC547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு நம்பர் டிரான்சிஸ்டர் என்றால் வரிசை மாறலாம், டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

வெளிச்சத்தில் எல்.டி.ஆர். சுமார் 5 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், SENSE = 9 × 5 ÷ 105, அதாவது 0.43 வோல்ட். டிரான்சிஸ்டர் திறக்க 0.6, 0.7 வேண்டும் என்பதால் எல்.இ.டி. அணைந்திருக்கும். எல்.டி.ஆரை விரலால் நன்றாக மூடினால் அதன் தடை பல மடங்கு ஏறும். SENSE 0.7 பக்கம் வந்து நிற்கும், COL நன்றாகக் கீழே இறங்கும், எல்.இ.டி. எரியும்.

கிரவுண்ட் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் இதே அளவுகள் காட்டிக்கொடுக்கும். எல்.டி.ஆரின் கிரவுண்ட் காலைப் பிடுங்கிப் பாருங்கள்: வெளிச்சத்திலும் SENSE 0.7, எல்.இ.டி. அணையவே அணையாது. அதைத் திரும்பச் செருகிவிட்டு எமிட்டரின் கிரவுண்டைப் பிடுங்குங்கள்: எல்.இ.டி. எரியவே எரியாது; விரலால் மூடினால் SENSE 0.7-இல் நிற்காமல் பல வோல்ட் ஏறிப்போகும். டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று புதிதாக வாங்குவதற்கு முன்னால் இதை அளந்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார்: படத்தில் எல்லாம் சரி, 13 காலும் சரி, ஆனாலும் எல்.இ.டி. எரியவில்லை. போட்டோவைப் பார்த்தால் பெரிய பிரெட்போர்டு, ஓரத்து நீலக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தது. அந்த மாதிரி போர்டுகளில் மேல்பாதி வரிசையும் கீழ்பாதி வரிசையும் தனித்தனி. பேட்டரி மைனஸ் ஒரு பாதியில், எமிட்டர் மறு பாதியில். ஒரு துண்டு வயர் போட்டு இரண்டையும் இணைத்ததும் எரிந்தது. பஸ்ஸர் வசதியுள்ள மீட்டர் வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு முனையை பேட்டரி மைனஸ் வரும் இடத்திலும், மறுமுனையை ஒவ்வொரு கிரவுண்ட் காலிலும் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொருவர் AGND என்ற அனலாக் கிரவுண்ட், DGND என்ற டிஜிட்டல் கிரவுண்ட் இரண்டும் ஒன்றா என்று கேட்டார். பெயர் வேறு என்றால் நோடும் வேறு, அதே கலர் அடிக்கக்கூடாது. பெரும்பாலும் படத்தில் ஏதாவது ஒரே ஒரு இடத்தில் இரண்டையும் சேர்த்திருப்பார்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

லேபில் ஆசிலாஸ்கோப் தொடுவதற்கு முன் ஒன்று. புரோபின் கறுப்பு கிளிப், சுவரில் செருகும் பிளக்கின் எர்த் பின்னோடு உள்ளேயே இணைந்திருக்கும். ஆகவே அதை GND நோடில் மட்டும் மாட்டுங்கள், COL-இல் மாட்டாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் எல்.இ.டி. பல்பு சர்க்யூட்டிலும் கிரவுண்ட் சின்னம் வரைந்திருப்பார்கள். அந்தக் கிரவுண்ட் கரண்ட் அடிக்கும். கிளிப்பையும் மாட்டக்கூடாது, கையும் வைக்கக்கூடாது.