பேரு மாறிப் போன மெயிலுக்கு நான் அனுப்புன மன்னிப்பு

ஷீட்ல பேரு இருக்கற நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திட்டேன், கம்பெனியும் மெயில் ஐடியும் பழைய இடத்துலயே நின்னுடுச்சு, அது தெரியாம மெயில் மெர்ஜ் ஓட்டிட்டேன். "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே"ன்னு ஒரு ரிப்ளை வந்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. மிச்சம் போக வேண்டியதை உடனே நிறுத்திட்டு, சென்ட் ஃபோல்டர்ல இருந்த 40 மெயிலையும் ஒவ்வொண்ணா பார்த்தேன், மூணு பேருக்கு மட்டும் தற்செயலா சரியா போயிருந்துச்சு, அவங்களை விட்டுட்டேன் (அவங்களுக்கும் மன்னிப்பு போனா அது புதுக் குழப்பம்).

மத்தவங்களுக்கு அதே த்ரெட்லயே கையால டைப் பண்ணேன்: "வணக்கம் மேடம், காலையில் அனுப்பிய மெயிலில் உங்கள் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன், மன்னிக்கவும். மற்ற விவரங்கள் உங்கள் நிறுவனத்துக்கானவைதான்."

அவ்ளோதான். ஷீட் கதையும் சொல்லல, தப்பான பேரைத் திரும்ப எழுதவும் இல்ல, அது இன்னொருத்தரோட பேராச்சே.