வேலை விளம்பரத்தைப் பட்டியலாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குப் பராமரிப்பு ஆள் எடுக்க ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே பத்தியில் இருக்கிறது:

"மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் டிப்ளமோவுடன் காற்றாலைப் பராமரிப்பில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும், பி.இ. என்றால் 1 ஆண்டு போதும். இருசக்கர வாகன உரிமம் அவசியம், சொந்த வண்டி இருந்தால் நல்லது. ஹைட்ராலிக்ஸ், ஸ்காடா, இந்தி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. மாத அறிக்கையை எக்செலில் தயாரித்து அனுப்ப வேண்டும். உயரப் பணிப் பாதுகாப்புச் சான்றிதழ்."

இதைக் 'கட்டாயம்', 'இருந்தால் நல்லது' என்று பிரிக்க உட்காரும் பலர் முதல் வாக்கியத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ, எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, பி.இ., 2 ஆண்டு, 1 ஆண்டு என்று தனித்தனிக் கட்டங்களாக வெட்டிப் போடுவார்கள். அத்தனையிலும் டிக் அடிக்க யாரால் முடியும்? டிப்ளமோவும் 3 ஆண்டு அனுபவமும் உள்ள நாங்குநேரிப் பையன், பி.இ. கட்டம் காலியாக இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவான். டிப்ளமோவுடன் 1 ஆண்டு மட்டும் வேலை பார்த்தவரோ தனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். படிப்பையும் அதற்குரிய ஆண்டையும் பிரிக்கவே கூடாது. ஒரே கட்டமாக இப்படி எழுதலாம்:

☐ இரண்டில் ஏதாவது ஒன்று:
(அ) டிப்ளமோ (மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல்) + 2 ஆண்டு
(ஆ) பி.இ. + 1 ஆண்டு

பி.இ.யில் எந்தப் பிரிவு என்று விளம்பரம் சொல்லவில்லை. அதே இரண்டு பிரிவுதான் என்று நாமாக நிரப்பாமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கலாம்.

அடுத்த தவறு, வாக்கியம் வாக்கியமாகப் பிரிப்பது. உரிமமும் வண்டியும் ஒரே வாக்கியத்தில் இருந்தாலும் உரிமம் கட்டாயம், வண்டி அப்படியில்லை. ஸ்காடா வாக்கியத்தில் கதை வேறு. கடைசியில் வரும் 'முன்னுரிமை' அதற்கு முன்னால் உள்ள மூன்றையும் சேர்த்தே பிடிக்கிறது. "காற்றாலைக்கு ஹைட்ராலிக்ஸ் தெரியாமல் எப்படி?" என்று அதை மட்டும் கட்டாயத்துக்குத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பட்டியலில் வர வேண்டியது விளம்பரம் கேட்டதுதான், நம் அபிப்பிராயம் அல்ல.

எக்செல் வாக்கியத்திலும் 'வேண்டும்' இருக்கிறது, அதனால் அது தகுதி மாதிரியே தெரியும். உண்மையில் அது சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. அதை 'பணிகள்' என்று தனியாக எழுதிவிடலாம். எக்செல் தெரியாதவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

கடைசிச் சான்றிதழுக்கு வினையே இல்லை. பயந்துபோய்க் கட்டாயத்தில் சேர்த்தால், அது இல்லாதவர்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிடுவார்கள். சேர்ந்தபின் நிறுவனமே பயிற்சி கொடுத்து எடுத்துத் தருவதாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவற்றுக்கு 'கேட்க வேண்டியவை' என்று இன்னொரு பட்டியல் போட்டு, பி.இ. பிரிவையும் அதில் சேர்த்து, விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். பதில் வந்ததும் அதற்குரிய பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.